தஸ்தாவேஜு இல்லாதபோது உறவை நிறுவும் முறைகள்

பெங்களூர் நகரத்தின் தென்கிழக்கே உள்ள விவேக் நகரில் தமிழ் பேசும் குடும்பங்கள் பல வாழ்கின்றன. அவற்றுள் சில தருமபுரி, கிருஷ்ணகிரி, வட ஆற்காட்டுப் பகுதிகளிலிருந்தும் கோலார் தங்கவயலிலிருந்தும் பிழைப்பைத் தேடி வந்தவை. இத்தகைய குடும்பங்களில் பிறப்புச் சான்றிதழ் இல்லாத பிள்ளைகளைக் காண்பது அரிதன்று. கிராமத்தில் வீட்டிலேயே பிரசவம் நடந்திருக்கும். பதிவு செய்ய எவரும் போயிருக்க மாட்டார்கள். அல்லது பதிவு செய்த தாள் வீடு மாறியபோது தொலைந்திருக்கும். வெளிநாடு செல்லவோ, வாரிசுரிமை கோரவோ, கடவுச்சீட்டு பெறவோ வேண்டியிருக்கும்போது அதிகாரி, “இப்பிள்ளை உங்களுடையது என்பதற்கு அத்தாட்சி என்ன?” என்று வினவுகிறார். அப்போது குடும்பத்தார் கள ஊழியரையோ பள்ளி ஆசிரியரையோ நாடி வருகின்றனர். “டி.என்.ஏ. பரிசோதனை செய்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் அல்லவா?” என்று இக்காலத்தில் அவர்களே கேட்பதும் உண்டு.

அதற்கு விடை கூறுமுன், அதிகாரியின் வினா ஒன்றன்று, மூன்று என்பதைத் தெளிவாக உணர்தல் வேண்டும். இன்னாருக்கு இன்ன நாளில், இன்ன இடத்தில் ஒரு குழந்தை பிறந்ததா என்பது முதல் வினா. நம் முன் நிற்கும் இப்பிள்ளைதான் அக்குழந்தையா என்பது இரண்டாவது. சட்டத்தின் கண்ணில் இவர்கள் பெற்றோரும் பிள்ளையுமா என்பது மூன்றாவது. பிறப்புப் பதிவேடு முதல் வினாவுக்கு விடை தரும். டி.என்.ஏ. பரிசோதனை இரண்டாவது வினாவுக்கு விடை தரும். மூன்றாவதற்கு விடை தருவது சட்டமும், குடும்பத்தார் பல்லாண்டுகளாக நடந்துகொண்ட முறையும் ஆகும். ஒரு வினாவுக்குரிய அத்தாட்சியை மற்றொரு வினாவுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பதாலேயே பெரும்பாலான விண்ணப்பங்கள் தடைப்படுகின்றன.

கல்முனைக் குழந்தை

இவ்வேறுபாட்டை நன்கு விளக்கும் நிகழ்ச்சி இலங்கையின் கீழ்க்கரையிலே நடந்தது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் தேதி ஆழிப்பேரலை தாக்கிய அன்று, இடிபாடுகளுக்கிடையே உயிருடன் கிடைத்த ஓர் ஆண் சிசுவைக் கல்முனை மருத்துவமனையில் சேர்த்தனர். அன்று அங்கே சேர்க்கப்பட்டோரில் எண்பத்தோராவது ஆள் அச்சிசு. ஆகவே “81ஆம் எண் குழந்தை” என்ற பெயர் அதற்கு ஏற்பட்டது. ஒன்பது தம்பதிகள் அதற்கு உரிமை கோரியதாகப் பத்திரிகைகள் எழுதின. ஆயினும் நீதிமன்றத்தில் முறைப்படி உரிமை கோரியவர்கள் ஒரே ஒரு தமிழ்த் தம்பதியினரே என்பது பின்னர் தெரிந்தது. அவர்களுடைய வீடும் அதிலிருந்த தாள்களும் அலையோடு போய்விட்டன.

இங்கே சற்று நின்று எண்ணிப் பார்ப்போம். அத்தாள்கள் அழியாமல் இருந்திருந்தால் வழக்குத் தீர்ந்திருக்குமா? தீர்ந்திருக்காது. இத்தம்பதிகளுக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது என்பதைப் பிறப்புச் சான்றிதழ் காட்டியிருக்கும். மருத்துவமனைத் தொட்டிலில் கிடக்கும் குழந்தைதான் அது என்பதைக் காட்டியிராது. அன்றியும், வாய் திறந்து பேசத் தெரியாத சிசு அது. ஆகவே இரண்டாவது வினாவே அங்கு முழு வினாவாக நின்றது. நீதிபதி டி.என்.ஏ. பரிசோதனைக்கு உத்தரவிட்டார். தாய், தந்தை, குழந்தை ஆகிய மூவரின் மாதிரிகளும் கொழும்பில் ஆராயப்பட்டன. குழந்தை அவர்களுடையதே என்ற முடிவு வந்து, 2005ஆம் ஆண்டு பிப்ரவரி 16ஆம் தேதி அது பெற்றோரிடம் ஒப்படைக்கப்பட்டது. அலை வந்த நாளிலிருந்து ஐம்பத்திரண்டு நாட்கள் கழிந்திருந்தன.

பரிசோதனை எவ்வாறு நடைபெறுகிறது

நம் உடலின் உயிரணுக்களில் உள்ள குரோமோசோம்கள் இணை இணையாக அமைந்தவை. ஒவ்வோர் இணையிலும் ஒன்று தாயிடமிருந்தும் மற்றொன்று தந்தையிடமிருந்தும் வந்தது. அவற்றின் மீது சில இடங்களில், ஒரு சிறு இரசாயன எழுத்துக் கோவை ஒன்றன்பின் ஒன்றாகப் பன்முறை திரும்பத் திரும்ப எழுதப்பட்டிருக்கிறது. ஜபமாலையில் ஒரே மாதிரி மணிகள் வரிசையாகக் கோக்கப்பட்டிருப்பதை ஒத்தது இது. ஒருவரிடம் அவ்விடத்தில் பன்னிரண்டு மணிகள் இருக்கலாம். இன்னொருவரிடம் பதினேழு இருக்கலாம். ஒவ்வொருவருக்கும் இரு குரோமோசோம்கள் உண்டாதலால் ஒவ்வோர் இடத்துக்கும் இரண்டு எண்கள் கிடைக்கும். அவற்றுள் ஒன்று தாய் கொடுத்தது, ஒன்று தந்தை கொடுத்தது. பரிசோதனைச் சாலைகள் இவ்வாறு பதினைந்து முதல் இருபதுக்கும் மேற்பட்ட இடங்களை எண்ணுகின்றன. இதற்கு இரத்தம் தேவையில்லை. கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் தேய்த்தெடுத்தாலே போதும்.

ஓர் எளிய கணக்கைப் பார்ப்போம். ஓரிடத்தில் தாயின் எண்கள் 12, 14 என்றும், பிள்ளையின் எண்கள் 14, 17 என்றும் வைத்துக்கொள்வோம். பதினான்கு தாயிடமிருந்து வந்தது. ஆகவே பதினேழு தந்தையிடமிருந்தே வந்திருத்தல் வேண்டும். தந்தை என்று கூறப்படுபவருடைய எண்கள் 17, 19. அவரிடம் பதினேழு இருக்கிறது. “இருக்கிறது, ஆகவே அவரே தந்தை” என்று முடிவுகட்டுவது தவறு. பதினேழு உள்ளவர்கள் ஊரில் வேறு பலரும் இருப்பர். எனவே இரண்டு வாய்ப்புகளை ஒப்பிட வேண்டும். அவர் தந்தையாயின், தம் இரண்டு எண்களில் பதினேழைக் கொடுத்திருக்கும் வாய்ப்பு இரண்டில் ஒன்று. தொடர்பற்ற வேறொருவர் தந்தையாயின், அவரிடமிருந்து பதினேழு வரும் வாய்ப்பு, அச்சமூகத்தில் அந்த எண் எவ்வளவு பரவலாக இருக்கிறது என்பதைப் பொறுத்தது. அது பத்தில் ஒன்று எனக் கொள்வோம். பாதியைப் பத்தில் ஒன்றால் வகுத்தால் ஐந்து வரும். அதாவது, இவர் தந்தை என்ற கூற்றுக்கு இவ்வோரிடம் தரும் ஆதரவு, வேறொருவர் என்ற கூற்றுக்குத் தரும் ஆதரவைப் போல் ஐந்து மடங்கு.

அடுத்த இடத்தில் தாய் 9, 10. பிள்ளை 10, 13. அவர் 13, 13. அவரிடம் இரண்டும் பதின்மூன்றே. ஆகவே அவர் அதைக் கொடுப்பது நிச்சயம். ஆனால் பதின்மூன்று என்பது சமூகத்தில் நாலில் ஒன்று என்ற அளவில் பரவிய எண். ஒன்றை நாலில் ஒன்றால் வகுக்க நான்கு வரும். இரு இடங்களும் வெவ்வேறு குரோமோசோம்களில் இருப்பவையாதலால் இரண்டு விடைகளையும் பெருக்கலாம்: 5 × 4 = 20. இப்படியே பதினைந்து இடங்களில், சராசரியாக நான்கு மடங்கு என்று வைத்துப் பெருக்கினால் நூற்றேழு கோடிக்கு மேல் வரும். இப்பெருக்குத் தொகையையே தந்தைமைக் குறியீடு என்று அறிக்கைகளில் எழுதுகின்றனர்.

அறிக்கையின் அடியில் “99.99 சதவீதம்” என்றாற்போல் ஒரு வரி காணப்படும். பொதுமக்கள் அதை மட்டுமே படிக்கின்றனர். அந்தச் சதவீதம் எப்படி வந்தது என்பதை அறிந்தாலன்றி அதன் பொருள் விளங்காது. பரிசோதனைக்கு முன்னர் இவர் தந்தை என்பதற்கும் அல்லர் என்பதற்கும் வாய்ப்புச் சமம் என்று ஒரு கருதுகோளை வைத்துக்கொண்டு அது கணக்கிடப்படுகிறது. குறியீடு 200 என்றால் 201இல் 200 பங்கு, அது 99.5 சதவீதம். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் குடிவரவுத் துறையினர் பெற்றோர்–பிள்ளை உறவுக்குக் கோரும் குறைந்தபட்ச அளவு இந்த 99.5 சதவீதமே.

ஆனால் முன்வாய்ப்புச் சமமாக இல்லாவிட்டால்? கல்முனையில் உண்மையாகவே ஒன்பது தம்பதிகள் ஒரே வலுவுடன் நின்று, அவர்களில் ஒரு தம்பதியைப் பரிசோதித்ததில் குறியீடு 200 வந்தது என்று கற்பனை செய்வோம். அப்போது ஆதரவு 200க்கு 8 என்ற விகிதத்தில் நிற்கும். அதாவது 96 சதவீதம். ஆயிரம் பேரில் எவரும் தந்தையாக இருக்கலாம் என்ற நிலையில், அதே 200 என்ற குறியீடு ஏறக்குறைய 17 சதவீதத்தையே தரும். இங்கேதான் பிற குடும்ப அத்தாட்சிகள் விஞ்ஞானத்துக்குள்ளேயே நுழைகின்றன. ஞானஸ்நானப் பதிவு, பழைய கடிதங்கள், தடுப்பூசி அட்டை, அண்டை வீட்டாரின் சாட்சியம் ஆகியவை பரிசோதனைக்குப் போட்டியானவை அல்ல. பரிசோதனை எந்த இடத்திலிருந்து புறப்படுகிறது என்பதை அவையே நிர்ணயிக்கின்றன. குறியீடு கோடிக்கணக்கில் வரும்போது இவ்வேறுபாடு மறைந்துவிடும். தாய் இல்லாமலோ தந்தை இல்லாமலோ செய்யும் பரிசோதனைகளில் குறியீடு சிறிதாகவே வரும். அங்கே அது முக்கியமாகிறது.

தந்தை கிடைக்காதபோது

குடிவரவு வழக்கு ஒன்றில் டி.என்.ஏ. முதன்முதலாகப் பயன்பட்டது 1985ஆம் ஆண்டில். கானா நாட்டிலிருந்து இங்கிலாந்துக்குத் தாயிடம் திரும்பி வந்த ஒரு சிறுவனை அதிகாரிகள் சந்தேகித்தனர். அக்காலத்தில் வழங்கிய இரத்தப் பரிசோதனைகள் அவன் அப்பெண்ணுக்கு உறவினன் என்று காட்டினவேயன்றி, மகனா அல்லது அவளுடைய சகோதரியின் மகனா என்று பிரித்துக் காட்டவில்லை. தந்தையையும் பரிசோதிக்க இயலவில்லை. லெஸ்டர் பல்கலைக் கழகத்து விஞ்ஞானி அலெக் ஜெஃப்ரிஸ் ஒரு வழி கண்டார். அப்பெண்ணுக்கு ஐயத்துக்கிடமில்லாத வேறு மூன்று மக்கள் இருந்தனர். அம்மூவரிடமும் இருப்பவற்றில் தாயிடம் இல்லாதவை அனைத்தும் தந்தையுடையவையாக இருத்தல் வேண்டுமல்லவா? இவ்வாறு, கண்ணால் காணாத தந்தையின் உருவை மக்களிடமிருந்தே மீட்டெழுதினார். சிறுவனிடம் தாயுடையவை அல்லாதவை எல்லாம் அம்மீட்டெழுதிய உருவில் இருந்தன. அதிகாரிகள் வழக்கைக் கைவிட்டனர்.

இன்றும் இதுவே வழி. தந்தை இறந்துவிட்டாலோ தொலைவில் இருந்தாலோ, ஐயமற்ற உடன்பிறந்தோரையும், தந்தையின் தாய் தந்தையரையும் பரிசோதனையில் சேர்க்க வேண்டும். இருவரும் கிடைப்பின் முடிவு ஏறக்குறையத் தந்தையையே பரிசோதித்ததற்குச் சமம். ஒரு சித்தப்பாவோ, தாய் வேறான ஒரே ஓர் உடன்பிறப்போ மட்டும் கிடைப்பின், குறியீடு ஐந்து, பத்து என்ற அளவிலேயே நின்றுவிடுவது உண்டு. “முடிவு கூற இயலவில்லை” என்று அறிக்கை வரும். அதைக் குடும்பத்தார் “உறவு இல்லை” என்று படித்துக் கலங்குகின்றனர், அது அப்பொருளுடையதன்று.

ஆண்மக்களைப் பொறுத்தவரை ஒய் குரோமோசோம் என்பது தந்தையிடமிருந்து மகனுக்கு ஏறத்தாழ மாறாமல் வருகிறது. ஆகவே பாட்டன், பெரியப்பன், சித்தப்பன் எவரையும் ஒப்பிடலாம். ஒய் குரோமோசோமில் வேறுபாடு மிகுந்திருப்பின் தந்தைவழி உறவு இல்லை என்று துணிந்து கூறலாம். ஒத்திருப்பின் கூறக்கூடியது குறைவே. ஒரே மூதாதையின் ஆண்வழியில் வந்த பங்காளிகள் அனைவரும் அதே ஒய் குரோமோசோமைத் தாங்கியிருப்பர். ஒரு கிராமத்துத் தெரு முழுவதுமே அப்படி இருக்கக்கூடும்.

தவறுகள் நேரும் இடங்கள்

உயிரணுக்கள் பிரதி எடுக்கும்போது சில சமயம் ஒரு மணி கூடியோ குறைந்தோ போகும். ஓரிடத்தில் இவ்வாறு நேர்வது ஆயிரத்தில் இரண்டு என்ற அளவில்தான். ஆனால் பதினைந்து இடங்களைப் பார்க்கும்போது, உண்மையான தந்தை மகன் ஜோடிகளிலேயே நூற்றுக்கு மூன்றில் ஓரிடம் ஒவ்வாமல் போகும். எனவே ஓரிடம் ஒவ்வாததைக் கொண்டு தந்தை அல்லர் என்று முடிவு கட்டுவதில்லை. மேலும் பல இடங்களை எண்ணுவர்.

இதன் மறுபுறம் அபாயகரமானது. தந்தையின் உடன்பிறந்த சகோதரர் தம்மைத் தந்தை என்று கூறிக்கொண்டால், அவர் பெரும்பாலான இடங்களில் ஒத்துவிடுவார். தாயையும் சேர்த்துப் பரிசோதித்தால் ஐந்தாறு இடங்களில் அகப்பட்டுக்கொள்வார். தாய் இல்லையேல், பிள்ளையின் இரண்டு எண்களில் எது ஒத்தாலும் போதும் என்றாகிவிடுவதால், ஒவ்வாத இடங்கள் குறைந்து, மேற்சொன்ன பிரதிப் பிழையைப் போலவே தோற்றமளிக்கும். அண்ணன் இறந்தபின் அவர் பிள்ளையைத் தம் பிள்ளையாகவே வளர்த்து, “என் மகன்” என்று மனமார எழுதிக் கொடுக்கும் தம்பிமார் நம்மிடையே பலர். அவர்கள் ஏமாற்ற எண்ணியவர்கள் அல்லர். ஆயினும் “பெற்ற மகனா, வளர்த்த மகனா” என்பதை விண்ணப்பத்திலேயே தெளிவாக எழுதச் செய்வது கள ஊழியரின் பொறுப்பு. வளர்ப்பு மகன் என்றால் தேவைப்படுவது பரிசோதனையன்று. தத்துப் பத்திரமோ பாதுகாவலர் உத்தரவோ ஆகும்.

பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு சொல். பெற்றோர், பிள்ளைகள் ஆகியோரின் இரத்த வகைகளை எழுதிவரச் செய்து பாரம்பரிய விதிகளைக் கற்பிக்கும் வழக்கம் சில வகுப்புகளில் உண்டு. இரத்த வகை ஒருபோதும் உறவை நிறுவாது. சில சமயம் விலக்கவே பயன்படும். அந்த விலக்கும் எப்போதும் உறுதியானதன்று. “ஓ” வகைத் தாய்க்கு “ஏபி” வகைக் குழந்தை பிறக்காது என்று பாடப் புத்தகம் கூறும். ஆனால் சோதனையில் “ஓ” போலத் தோன்றி, உண்மையில் அவ்வாறல்லாத ஓர் அரிய வகையை 1952ஆம் ஆண்டில் பம்பாயில் டாக்டர் பெண்டேயும் உடன் ஆராய்ந்தோரும் கண்டுபிடித்தனர். “பம்பாய் வகை” என்றே உலகெங்கும் அதற்குப் பெயர். இவ்வகையினருக்கு “ஏபி” வகைக் குழந்தை பிறத்தல் இயலும். அன்றியும், பள்ளி அடையாள அட்டையில் எழுதியுள்ள வகை எத்தனையோ முறை பிழையாகவே இருக்கிறது. ஒரு சிறுவன் இந்தப் பாடத்தைக் கேட்டு வீட்டிற்குப் போய் என்ன நினைப்பான் என்பதை ஆசிரியர் எண்ணிப் பார்க்க வேண்டும். பட்டாணிச் செடியைக் கொண்டே அப்பாடத்தை நடத்திவிடலாம்.

சட்டத்தின் நிலை

திருமணம் நிலைத்திருக்கும் காலத்திலோ, அது முறிந்து 280 நாட்களுக்குள் தாய் மறுமணம் செய்துகொள்ளாத நிலையிலோ பிறந்த குழந்தை, அக்கணவனின் குழந்தையே என்பதற்கு முடிவான சான்று என 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 112ஆம் பிரிவு கூறிற்று. இருவரும் கூடியிருக்க வாய்ப்பே இருந்ததில்லை என்று காட்டினாலன்றி அதை மறுக்க இயலாது. 2024ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் தேதி நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய அதினியத்தில் இதுவே 116ஆம் பிரிவாக இருக்கிறது. இதன் நோக்கம் குழந்தையைக் காப்பது. ஆகவே, கேட்டவுடன் பரிசோதனைக்கு உத்தரவிடலாகாது என்று உச்ச நீதிமன்றம் 1993ஆம் ஆண்டில் கூறிற்று. எவரையும் இரத்தம் கொடுக்கும்படி கட்டாயப்படுத்த இயலாது என்றும் கூறிற்று. செய்துமுடித்த பரிசோதனையின் முடிவு கையில் இருக்கும்போது, சட்டத்தின் அனுமானத்தினும் விஞ்ஞான உண்மையே மேலானது என்று 2014ஆம் ஆண்டில் அது தீர்ப்பளித்தது. ஆயினும் 2025ஆம் ஆண்டு ஜனவரியில், திருமண பந்தத்தில் பிறந்த ஒருவர் வேறொருவரைத் தம் தந்தை என்று கூறிப் பரிசோதனை கோரிய வழக்கில், அக்கோரிக்கையை ஏற்கவில்லை. இத்தீர்ப்புகள் ஒன்றுக்கொன்று முரணானவை போலத் தோன்றலாம். பரிசோதனை எவ்வளவு துல்லியமானது என்ற வினா வேறு, அதைச் செய்யச் சொல்லலாமா என்ற வினா வேறு என்று பிரித்துப் பார்த்தால் முரண் பெருமளவு நீங்கிவிடும்.

பெற்றோர் இருவரும் தம்பதிகளாக வாழ்ந்து, பிள்ளையைத் தமதென்று கூறி, எவரும் மறுக்காதபோது, இந்நாட்டு அதிகாரி டி.என்.ஏ. கேட்பதற்கு நியாயம் மிகக் குறைவு. அங்கே போதுமானது நடத்தையின் சாட்சியம். பழைய சட்டத்தின் 50ஆம் பிரிவும் புதிய சட்டத்தின் 44ஆம் பிரிவும் இதற்கு இடமளிக்கின்றன. ஒருவரை இன்னாருடைய மகன் என்று குடும்பத்தார் எப்போதும் நடத்தி வந்தனர் என்பதே தகுந்த சாட்சியமாகும். இதன் எல்லையை 1959ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் வரையறுத்தது: “அவன் இன்னாருடைய மகன் என்று நான் நினைக்கிறேன்” என்று சாட்சி கூறுவது போதாது, அந்நம்பிக்கை அவருடைய செய்கையில் வெளிப்பட்டிருக்க வேண்டும், அவர் அக்குடும்பத்தைச் சேர்ந்தவராகவோ, உறவை அறியத் தனி வாய்ப்புப் பெற்றவராகவோ இருக்க வேண்டும். காதுகுத்துக்குத் தாய்மாமனாக மடியில் இருத்திக் கொண்டவர், ஈமக்கடனில் பேரனுக்கு நெய்ப்பந்தம் கொடுத்தவர், ஞானஸ்நானத்தில் ஞானத்தந்தையாக நின்றவர் ஆகியோர் இவ்வகைச் சாட்சிகள்.

ஒரு குடும்பம்: கற்பனை உதாரணம்

விவேக் நகரில் வாழும் ஒரு தாயும் பதினான்கு வயது மகனும் என்று வைத்துக்கொள்வோம். தந்தை அமெரிக்காவில் குடியுரிமை பெற்று, மகனை அழைத்துக்கொள்ள மனுச் செய்திருக்கிறார். மகன் கிருஷ்ணகிரி மாவட்டத்துக் கிராமமொன்றில் பாட்டி வீட்டில் பிறந்தான், பதிவு இல்லை.

முதலில் அக்கிராமத்துக்குரிய பதிவாளரிடம் தேடச் செய்து, “பதிவில் இல்லை” என்ற சான்றைப் பெற வேண்டும். இத்தாள் இன்றி வெளிநாட்டு அதிகாரிகள் மாற்று அத்தாட்சிகளைப் பார்ப்பதே அரிது. அதன்பின் காலங்கடந்த பதிவுக்கு விண்ணப்பிக்கலாம். ஓராண்டு கடந்த பிறப்பைப் பதிவுசெய்ய முன்பு முதல் வகுப்பு நீதித்துறை நடுவரின் உத்தரவு வேண்டும். 2023ஆம் ஆண்டு அக்டோபர் 1ஆம் தேதி முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி மாவட்ட ஆட்சியரோ, கோட்ட நடுவரோ, மாவட்ட ஆட்சியரால் அதிகாரம் பெற்ற நிர்வாக நடுவரோ உத்தரவிடலாம். விண்ணப்பிக்க வேண்டியது பிறந்த இடத்தில். விவேக் நகரில் அன்று. இவ்வொரு தவறினால் மாதக்கணக்கில் அலைபவர்கள் உண்டு.

பதினான்காம் ஆண்டில் செய்த பதிவை வெளிநாட்டு அதிகாரி ஐயத்துடனேயே பார்ப்பார். வழக்குக்காகச் செய்தது என்று அவருக்குத் தோன்றுவது இயல்பு. ஆகவே பிறந்த காலத்தையொட்டிய தாள்களைச் சேர்த்தனுப்ப வேண்டும். தாய் சேய் நல அட்டை, தடுப்பூசிப் பதிவு, கிறிஸ்தவக் குடும்பமாயின் ஞானஸ்நானப் பதிவேட்டின் நகல், முதல் வகுப்பில் சேர்த்தபோது எழுதிய விவரம், தந்தை பணம் அனுப்பிய ரசீதுகள், தேதி தெரிந்த புகைப்படங்கள் ஆகியவை அவை. இவற்றுள் பழையது எதுவோ அதற்கே மதிப்பு மிகுதி. உறுதிமொழிப் பத்திரங்கள் கடைசியிலேயே வரும். மூன்று பேரிடம் ஒரே வாசகத்தைத் தட்டச்சு செய்து கையொப்பம் வாங்கினால் மூன்றும் பயனற்றுப் போகும். பிரசவத்தின்போது அவ்வீட்டில் இருந்தவர் எவர், எப்படி அவருக்குத் தெரியும், அந்நாளை அவர் எதனோடு சேர்த்து நினைவு வைத்திருக்கிறார் என்பதை அவரவர் சொல்லியவாறே எழுதுதல் வேண்டும்.

இத்தனைக்குப் பின்னும் ஐயம் தீராவிடில், டி.என்.ஏ. பரிசோதனை செய்துகொள்ளலாம் என்று தூதரகம் கடிதம் எழுதும். அது கட்டளையன்று, யோசனை, செலவு குடும்பத்தாருடையது. இக்கடிதம் வருமுன் அவசரப்பட்டு உள்ளூரில் பரிசோதனை செய்துகொண்டு, அம்முடிவைக் கொண்டுபோய்க் கொடுப்போர் பலர். அது ஏற்கப்படுவதில்லை. மாதிரி யாருடையது என்பதை எவரும் நேரில் கண்டு உறுதிசெய்யவில்லை என்பதே காரணம். முறைப்படி, அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்ற பரிசோதனைச் சாலை ஒன்றைத் தந்தை தேர்ந்தெடுப்பார். அவருடைய மாதிரி அங்கேயே எடுக்கப்படும். தாய்க்கும் மகனுக்கும் உரிய பெட்டி பரிசோதனைச் சாலையிலிருந்து நேராகத் தூதரகத்தின் வழியே வரும். குறித்த இடத்தில், சாட்சியின் முன்னிலையில், கடவுச்சீட்டைச் சரிபார்த்து, புகைப்படம் எடுத்து, குச்சியால் கன்னத்தைத் தேய்த்து, உறையிட்டு முத்திரையிடுவர். பெட்டியோ முடிவோ குடும்பத்தார் கை வழியாகச் செல்வதில்லை. தாய் சேர்வதன் பயனை மேலே கண்டோம். அவளையும் சேர்க்கும்படி சொல்வது நலம்.

குடும்பத்தார் சம்மதம் எழுதித் தருமுன் ஊழியர் செய்ய வேண்டிய செயல் ஒன்று உண்டு. தாயைத் தனியே சந்தித்து, பரிசோதனை எதையெல்லாம் வெளிப்படுத்தக்கூடும் என்பதைக் கூற வேண்டும். கணவன் முன்னிலையிலோ மாமியார் முன்னிலையிலோ இதைக் கூறுவது கூறாமைக்குச் சமம். மருத்துவமனையில் பிறந்த பிள்ளையாயின் குழந்தை மாறியிருக்கலாம். வேறு காரணமும் இருக்கலாம். முடிவு எதிர்பாராததாக வந்தபின், பதினான்கு ஆண்டுகள் தந்தை என்று அழைத்த ஒருவரைப் பற்றி அச்சிறுவனிடம் பேச வேண்டியவர் அவளே. வேண்டாம் என்று அவள் சொன்னால், ஏனென்று கேளாமல், மாற்று அத்தாட்சிகளை மேலும் தேட வேண்டும்.

முடிவு சாதகமாக வந்தாலும் ஒன்று மீந்திருக்கும். மகன் பிறந்த நாளைப் பரிசோதனை கூறவில்லை. வயதுக்கு உட்பட்ட சலுகைகளுக்கு அந்நாளே முக்கியம். ஆகவே காலங்கடந்த பதிவையும் பள்ளிப் பதிவையும் கைவிடலாகாது.

பள்ளிப் பதிவேட்டைப் பற்றி ஆசிரியர்கள் இரண்டு செய்திகளை அறிந்திருத்தல் நலம். வயதுச் சான்று இல்லை என்ற காரணத்துக்காகக் குழந்தையைச் சேர்க்க மறுத்தலாகாது என்று 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 14ஆம் பிரிவு கூறுகிறது. ஆகவே தாளில்லாத பிள்ளைகள் பதிவேட்டில் ஏறுவர்; அப்பதிவே பிற்காலத்தில் அவர்களுடைய மிகப் பழைய தாளாக நிற்கும். ஆனால் பதிவேட்டில் எழுதியிருப்பதால் மட்டும் பிறந்த தேதி நிரூபணமாகிவிடாது, எவர் கூறியதைக் கொண்டு எழுதப்பட்டது என்பது தெரிய வேண்டும் என்று 1988ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் கூறியது. எனவே சேர்க்கை நாளன்று, தேதிக்கும் பெற்றோர் பெயருக்கும் எதிரே, “தாய் நேரில் கூறியது”, “பாட்டி கூறியது, பிரசவத்தின்போது உடனிருந்தவர்” என்று ஒரு வரி எழுதி, கூறியவரின் கையொப்பத்தையோ பெருவிரல் ரேகையையோ பெற்று வைக்க வேண்டும்.